ஒளி விழுந்த வட்டமும் வெட்டுப்பட்ட தலைமுறையும்: கைப்பேசியில் வந்த ஒரு வம்சாவழிப் படத்தின் நிகழ்வு ஆய்வு

வம்சாவழிப் படத்தில் ஒவ்வொரு குறியும் ஒரு சான்று. ஒரு வட்டம் கறுப்பா வெள்ளையா என்பதில் நோயின் பரம்பரை முறையே மாறிவிடும். ஒரு கோடு எங்கே போய் முடிகிறது என்பதில் ஒருவர் உறவினரா வெளியாரா என்பது மாறிவிடும். உயர்தர உயிரியல் மாணவி ஒருத்தி எனக்கு அனுப்பிய படத்தில் இவை இரண்டுமே கெட்டிருந்தன. அவள் கண்ட விடை பூச்சியம். சரியான விடை 1/24. அவள் போட்ட தர்க்கத்தில் பெரும்பகுதி நன்றாகவே இருந்ததால்தான் இந்த நிகழ்வை முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

வந்த படம்

மாணவி மூதூர்ப் பக்கத்திலிருந்து திருகோணமலை நகருக்கு வகுப்புக்கு வருபவள். வடகீழ்ப் பருவமழை கனத்த ஒரு கிழமை அவளால் வர முடியவில்லை. வகுப்பில் கரும்பலகையில் வரைந்த வம்சாவழிப் படத்தைத் தோழி ஒருத்தி தன் கொப்பியில் பென்சிலால் வரைந்துகொண்டு, இரவு வீட்டில் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தாள். அவள் அந்தப் படத்தை மட்டும் வைத்துக் கணக்கைச் செய்து, படத்தையும் தன் விடையையும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாள். கொப்பி அவள் கையில் இல்லை. இந்த விவரம் முக்கியமானது.

படத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். சதுரம் ஆண், வட்டம் பெண், நிழலிட்ட குறி நோயுற்றவர். மேல் வரிசையில் இரண்டு தம்பதிகள்: II-1 என்ற ஆணும் II-2 என்ற பெண்ணும், II-3 என்ற ஆணும் II-4 என்ற பெண்ணும். நால்வரும் நிழலிடப்படாதவர்கள். முதல் தம்பதிக்கு நான்கு பிள்ளைகள். III-1 கறுப்புச் சதுரம், III-2 வெள்ளை வட்டம், III-3 கறுப்புச் சதுரம், III-4 வெள்ளைச் சதுரம். இரண்டாவது தம்பதிக்கு ஒரே மகள், III-5, வெள்ளை வட்டம். III-4 உம் III-5 உம் மணம் செய்துள்ளனர். அவர்களுக்குக் கீழே ஒரு சாய்சதுரமும் கேள்விக்குறியும்: IV-1, இன்னும் பிறக்காத குழந்தை, ஆணா பெண்ணா என்பது சொல்லப்படவில்லை.

வினா இரண்டு பகுதி கொண்டது. நோய் எம்முறையில் கடத்தப்படுகிறது என்பதைக் காரணத்துடன் காட்ட வேண்டும். IV-1 நோயுடன் பிறப்பதற்கான நிகழ்தகவைக் காண வேண்டும். கூடவே ஒரு குறிப்பு: வேறு சான்று இல்லாதவிடத்து எவரையும் காவி அல்லர் எனக் கொள்க. எதிருரு என்பது ஒரு பரம்பரை அலகின் மாற்று வடிவம்; காவி என்பவர் நோய்க்குரிய எதிருரு ஒன்றைச் சுமந்தும் நோயின்றி இருப்பவர்.

பூச்சியம் எப்படி வந்தது

அவள் எழுதியது இதுதான்: "பெற்றோர் நோயற்றவர்கள், பிள்ளைகளில் நோய் உண்டு. எனவே பின்னிடைவான நோய். ஆண்களில் மட்டும் காணப்படுகிறது. எனவே X நிறமூர்த்தத்துடன் இணைந்தது. III-4 ஆண், நோயற்றவர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு X. அதில் நோய் எதிருரு இருந்திருந்தால் நோய் வெளிப்பட்டிருக்கும். ஆகவே அவரிடம் அது இல்லை. III-5 க்கு அதைக் கொடுக்க எவரும் இல்லை. IV-1 நோயுறும் நிகழ்தகவு 0."

இதில் முதல் இரண்டு வாக்கியங்கள் சரி: பின்னிடைவான எதிருரு, கூடவே நோயற்ற எதிருரு ஒன்று இருந்தால் வெளிப்படாது. III-4 பற்றிய வாக்கியங்கள் அழகானவை. நோயற்ற ஆண் X இணைந்த நோய்க்குக் காவியாக இருக்க முடியாது என்பதைப் பல மாணவர்கள் மாதக்கணக்கில் பிடிப்பதில்லை. அவள் அதைத் தானாகப் பிடித்திருந்தாள். ஓட்டை நடுவில் இருந்தது: "ஆண்களில் மட்டும், எனவே X இணைந்தது."

இந்தத் தாவல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். பாடநூல்களில் மாணவர்கள் முதலில் பார்க்கும் பெரிய வம்சாவழி பெரும்பாலும் விக்டோரியா மகாராணியின் குடும்பமாகத்தான் இருக்கும். அவருடைய மகன் லியோபோல்டு ஈமோபீலியா நோயாளி; மகள்கள் வழியாக அது ஐரோப்பிய அரச குடும்பங்களுக்குப் போனது; நோயுற்றவர்கள் ஆண்கள். அந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால், கறுப்புச் சதுரங்கள் மட்டும் தெரியும் எந்தப் படமும் X இணைந்ததாகவே தோன்றும். ஆனால் நான்கே பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தில் இரண்டு மகன்களுக்கு மட்டும் நோய் இருப்பது சாதாரண நிறமூர்த்தத்தில் உள்ள பின்னிடைவான எதிருருவாலும் எளிதில் நிகழும். அப்படிப்பட்ட படம் எதையும் தீர்மானிப்பதில்லை. இரண்டு விளக்கங்களுக்கும் இடம் விட்டு நிற்கிறது.

இதை அவளுக்கு உடனே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தர்க்கத்தை மட்டும் திருத்தியிருப்பேன். படத்தின் பிழை அப்படியே இருந்திருக்கும்.

படத்தைப் படமாகப் பார்த்தல்

மாணவர் அனுப்பும் ஒளிப்படத்தில் கணக்கைத் தொடுவதற்கு முன்னர் நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன்: ஓரங்கள், தலைமுறை எண்கள், ஒளி அதிகம் விழுந்த பகுதி. இந்தப் படத்தில் மூன்றும் கேள்வி கேட்டன.

இடது ஓரத்தில் தலைமுறை எண்கள் II இலிருந்து தொடங்கின. I எங்கே? II-2 இன் தலையிலிருந்தும் II-3 இன் தலையிலிருந்தும் இரண்டு கோடுகள் மேலே எழுந்து படத்தின் விளிம்பில் நின்றன. ஒருவரின் தலைக்கு மேலே எழும் கோடு அவருடைய பெற்றோரிடம் போகும் கோடு. II-1 க்கும் II-4 க்கும் அப்படிக் கோடு இல்லை. அவர்கள் திருமணத்தால் குடும்பத்துக்குள் வந்தவர்கள்.

III-4 ஐயும் III-5 ஐயும் இணைத்த கோடு இரட்டையாக இருந்தது. மற்றத் தம்பதிகளுக்கு ஒற்றைக் கோடு. மாணவி அதைத் தோழி அழித்து மீண்டும் போட்ட கோடு என்று நினைத்துவிட்டாள். வம்சாவழிப் படத்தில் இரட்டை மணக்கோடு ஒரு நிலையான குறியீடு: கணவனும் மனைவியும் இரத்த உறவினர்.

மூன்றாவது, III-2. அந்த வட்டம் படத்தின் நடுவே இருந்தது. அதன் வலது விளிம்பு அரைவாசி காணாமல் போயிருந்தது. உள்ளே தாளின் நிறத்தை விடவும் வெளிறிய, பளபளப்பான ஒரு திட்டு. கீழ் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வட்டத்துக்கு வெளியே சில பென்சில் கீறல்கள் வழிந்திருந்தன. வெறும் வட்டம் வரைபவர் எவரும் அப்படிக் கீறுவதில்லை. நிழலிடும்போதுதான் கை விளிம்பைத் தாண்டும்.

காரணம் பென்சில் கரியின் இயல்பில் இருக்கிறது. கிராபைட் தட்டையான நுண்படலங்களால் ஆனது. அழுத்தி நிழலிட்டால் அப்படலங்கள் தாளின் மேல் படிந்து மினுங்கும் பரப்பாகிவிடும். கைப்பேசியின் பிளாஷ் ஒளி நேராக விழும் இடத்தில் அந்தப் பரப்பு ஒளியைக் கமெராவுக்கே திருப்பி அனுப்பும். கண்ணுக்குக் கறுப்பாக இருப்பது படத்தில் வெள்ளையாக வரும். சற்றுத் தள்ளியிருந்த இரண்டு சதுரங்களில் ஒளி சாய்வாக விழுந்ததால் அவை கறுப்பாகவே பதிவாகியிருந்தன. பேனா மையால் நிழலிட்டிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வந்திருக்காது.

அவளுக்கு நான் அனுப்பிய முதல் பதிலில் விடை பற்றி எதுவும் இல்லை. "பிள்ளை, தோழியிடம் கேளுங்கள். பகலில், ஜன்னல் பக்கமாக வைத்து, பிளாஷ் இல்லாமல், கொப்பியின் நான்கு மூலையும் தெரிய இன்னொரு படம் எடுக்கட்டும். அதுவரை III-2 நிழலிட்டதா இல்லையா என்று தெரியாது என எழுதிவையுங்கள்" என்றேன்.

"வெள்ளை என்று தெளிவாகத் தெரிகிறதே, டீச்சர்?" என்று கேட்டாள்.

"அந்த வட்டத்தின் வலது பக்கத்தை விரலால் தொடர்ந்து பாருங்கள். கோடு எங்கே போகிறது?"

சிறிது நேரம் கழித்துப் பதில் வந்தது: "கோடே இல்லை, டீச்சர்."

இரண்டாவது படம்

மறுநாள் காலை வந்த படத்தில் III-2 கறுப்பு. மேலே I-1 என்ற சதுரமும் I-2 என்ற வட்டமும் இருந்தன, இருவரும் நோயற்றவர்கள். அவர்களின் மகள் II-2, மகன் II-3. ஆகவே III-4 மணந்தது தன் தாய்மாமனின் மகளை.

இப்போது அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நோய் X இணைந்தது என்றே வைத்துக்கொள்வோம், III-2 தன் இரண்டு X களையும் யாரிடமிருந்து பெற்றாள்? தானாக வரைந்து பார்க்கச் சொன்னேன். பெற்றோரின் எதிருருக்கள் பிள்ளையில் எப்படிச் சேரலாம் என்று காட்டும் புன்னட் சதுரம் ஒன்றை அவள் வரைந்தாள். A நோயற்ற எதிருரு, a நோய்க்குரிய எதிருரு. மேலே தந்தையின் புணரிகள், இடப்பக்கம் தாயின் புணரிகள்:

```
          X^A        Y
X^A     X^A X^A    X^A Y
X^a     X^A X^a    X^a Y
```

மகள்கள் இருவருமே முதல் நிரலில் இருக்கிறார்கள், இருவரிடமும் தந்தையின் X^A இருக்கிறது. தந்தை நோயற்றவர் என்பதால் அவரிடம் கொடுக்க வேறு X இல்லை. எனவே X இணைந்த பின்னிடைவான நோயானால் நோயற்ற தந்தைக்கு நோயுற்ற மகள் பிறக்க முடியாது. ஆனால் III-2 பிறந்திருக்கிறாள். X இணைந்தது என்ற கொள்கை அந்த ஒரு வட்டத்தில் விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது இலிங்கத்துடன் இணையாத, சாதாரண நிறமூர்த்தத்தில் உள்ள பின்னிடைவான எதிருரு.

எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று எண்ணுவதால் இந்த முடிவு வரவில்லை என்பதை அவளுக்கு அழுத்திச் சொன்னேன். நோயுற்ற மகளும் நோயற்ற தந்தையும் ஒரே வீட்டில் இருப்பதுதான் சான்று. தந்தை நோயுற்றவராக இருந்திருந்தால் அதே கறுப்பு வட்டம் எதையும் விலக்கியிருக்காது. தாய் காவியாக இருந்தால் போதும். ஆகவே கறுப்பு வட்டத்தைக் கண்டதும் கண் உடனே அவளுடைய தந்தையிடம் போக வேண்டும். மருத்துவத்தில் இதற்கும் சில அரிய விலக்குகள் உண்டு: பெண்ணின் உடற்கலங்களில் இரண்டு X களில் ஒன்று செயலிழந்துவிடுவதால், காவியான பெண் சிலரிடம் நோயின் அறிகுறி தோன்றலாம். பாடசாலை வினாக்கள் அதைக் கருத்தில் எடுப்பதில்லை.

"ஆனால் டீச்சர், நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு நோய். பின்னிடைவானால் நான்கில் ஒன்றுக்குத்தானே வர வேண்டும்?"

நல்ல கேள்வி. புன்னட் சதுரம் பிள்ளைகளைப் பங்கிட்டுக் கொடுப்பதில்லை. நான்கு பெட்டிகள் நான்கு பிள்ளைகள் அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பொருந்தும் வாய்ப்புகள். நான்கு பிள்ளைகளில் சரியாக மூவர் நோயுறும் நிகழ்தகவு 4 × (1/4)³ × (3/4), அதாவது 3/64. நூறு குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்து. அரிதுதான், நடக்காதது அல்ல. அதற்கு மேல், நோயே வெளிப்படாத காவித் தம்பதிகளின் குடும்பத்தை எவரும் வம்சாவழியாக வரைந்து வகுப்புக்குக் கொண்டுவருவதில்லை. நோய் தெரிந்த குடும்பங்களே படமாகின்றன. ஆகவே இத்தகைய படங்களில் நோயுற்றவர்கள் கால்பங்கை விட அதிகமாகத் தெரிவது வழக்கம்.

அரைவாசியா, மூன்றில் இரண்டா?

நோயுற்ற பிள்ளைகள் aa. தாயிடமிருந்து ஒரு a, தந்தையிடமிருந்து ஒரு a. எனவே II-1, II-2 இருவரும் Aa. இங்கே வினாவிலிருந்த குறிப்பை அவள் சரியாகப் பயன்படுத்தினாள்: II-1 வெளியிலிருந்து வந்தவர்தான், ஆனாலும் பிள்ளைகளே அவருக்கு எதிரான சான்று. அவர் காவி என்பது உறுதி.

அடுத்தது III-4. நோயற்றவர். அவர் காவியாக இருக்கும் நிகழ்தகவு என்ன? அவள் சதுரத்தைப் போட்டு, நான்கில் இரண்டு பெட்டிகள் Aa, எனவே 1/2 என்றாள்.

```
        A      a
A      AA     Aa
a      Aa     aa
```

இந்த இடத்தில் திறமையானவர்களும் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். சதுரம் பிறப்பதற்கு முன்னான நிலையைச் சொல்கிறது. III-4 பிறந்து, வளர்ந்து, திருமணமும் செய்துவிட்டார். அவருக்கு நோய் இல்லை என்பது நமக்குத் தெரியும். அந்தத் தகவலைச் சதுரத்துக்குள் கொண்டுவராமல் விட்டால் அவர் aa ஆகவும் இருக்கலாம் என்று இன்னும் இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் பொருள்.

"aa பெட்டியை விரலால் மூடுங்கள்" என்றேன். "அவர் அங்கே இருக்க முடியாது. மிச்சப் பெட்டிகள் எத்தனை?"

"மூன்று."

"அவற்றில் Aa?"

"இரண்டு. அப்படியென்றால் மூன்றில் இரண்டா, டீச்சர்? நோயில்லாதவர் என்று தெரிந்த பிறகு காவியாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறதே?"

கூடத்தான் செய்கிறது. அவள் வியந்ததும் நியாயமே. நோயற்றவர் என்ற நல்ல செய்தி ஒரு பெட்டியை அகற்றியது. அகன்றது காவி அல்லாத பெட்டிகளில் ஒன்று. நோயுறும் ஆபத்து அவருக்கு இல்லாமற்போனது, ஆனால் எஞ்சிய மூன்றில் காவியின் பங்கு பெரிதாகிவிட்டது. தனிமனிதர் ஒருவரின் நலம் வேறு, அவர் சுமக்கும் எதிருரு வேறு என்பது இந்தக் கணக்கில்தான் மாணவருக்கு முதன்முதலாகப் புலப்படுகிறது.

மாமன் மகள்

III-5 ஐப் பற்றி முதல் படத்தில் எந்தச் சான்றும் இல்லை. அவளைக் காவி அல்லாதவள் என்று எடுத்தால், III-4 காவியாக இருந்தாலும் Aa × AA என்பதில் aa பிறக்காது. வட்டத்தை மட்டும் திருத்தியிருந்தாலும் விடை பூச்சியமாகவே நின்றிருக்கும். வெட்டுப்பட்ட தலைமுறை வந்த பிறகுதான் III-5 பேசுகிறாள்.

II-2 காவி. அவளுடைய a தந்தை I-1 இடமிருந்தோ தாய் I-2 இடமிருந்தோ வந்தது. எவர் என்று தெரியாது, தெரியவும் தேவையில்லை. வினாவின் குறிப்பின்படி ஒருவரை Aa என்றும் மற்றவரை AA என்றும் எடுக்கிறோம். அவர்களின் மகன் II-3 காவியாக இருக்கும் நிகழ்தகவு?

"மூன்றில் இரண்டு" என்று உடனே எழுதி அனுப்பினாள். புதிதாகக் கற்றதை அடுத்த இடத்திலும் பூட்டிப் பார்ப்பது கற்பவரின் இயல்பு. நான் அவளைச் சதுரம் வரையச் சொன்னேன். AA × Aa: இரண்டு பெட்டிகள் AA, இரண்டு பெட்டிகள் Aa. "இதில் எந்தப் பெட்டியை மூடுவீர்கள்?"

மூடுவதற்கு aa பெட்டியே இல்லை. இந்தப் பெற்றோருக்குப் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளும் நோயற்றவர்களே. ஆகவே II-3 நோயற்றவர் என்பது நமக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. 1/2 அப்படியே நிற்கிறது. மூன்றில் இரண்டு என்பது நோயற்ற சகோதரர்கள் எல்லாருக்கும் ஒட்டும் எண் அல்ல. பெற்றோர் இருவரும் காவிகள் என்பது உறுதியான இடத்துக்கு மட்டும் உரியது. விதியை மனனம் செய்தவரையும் பெட்டியை மூடிப் பார்த்தவரையும் இந்த வினா பிரித்துக் காட்டிவிடும்.

இனிக் கணக்கு விரைவாக முடிகிறது. II-3 காவியானால் தன் மகளுக்கு a ஐக் கொடுக்கும் வாய்ப்பு 1/2. எனவே III-5 காவியாக இருப்பது 1/2 × 1/2 = 1/4. தாயும் தந்தையும் காவிகளாக இருந்தால் IV-1 நோயுறுவது 1/4.

```
2/3 × 1/4 × 1/4 = 2/48 = 1/24
```

மூன்று எண்களையும் பெருக்கலாம் என்பதற்கும் காரணம் கேட்டேன். III-4 க்கு அவருடைய a வந்ததா இல்லையா என்பது ஒரு நிகழ்வு. III-5 க்கு வந்ததா என்பது வேறு நிகழ்வு. பாட்டன், பாட்டி ஒருவரே என்றாலும், II-2 காவி என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால் III-4 இன் சதுரம் III-5 இன் சதுரத்தை மாற்றுவதில்லை. இதை அவளே சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஆனால் II-2 இன் நிலை உறுதியாகாத படமாக இருந்தால் இப்படி நேரே பெருக்க முடியாது என்பதைத் தன் சொற்களில் குறித்துக்கொண்டாள்.

உறவுத் திருமணம் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று அவள் கேட்டபோது, ஓர் ஒப்பீடு செய்தோம். III-4 வெளியே மணந்திருந்தால் என்று வைத்துக்கொள்வோம். இந்த நோய்க்கு ஐம்பது பேரில் ஒருவர் காவி என்று கணக்குக்காக எடுத்தால் 2/3 × 1/50 × 1/4 = 1/300. மாமன் மகளுடன் 1/24. பன்னிரண்டு மடங்குக்கும் மேல். பொதுமக்களில் நோய் எதிருரு அரிதாக ஆக இந்த இடைவெளி இன்னும் விரியும். தலசீமியா போலக் காவிகள் பரவலாக இருக்கும் நோயில் இடைவெளி சுருங்கும். அங்கே வெளியே மணப்பதும் காப்பாற்றாமல் போகலாம். அதனால்தான் தலசீமியாவுக்கு உறவைக் கேட்பதோடு நிற்காமல் திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். காவிகளின் செங்குழியங்கள் வழக்கத்தை விடச் சிறியனவாக இருப்பதை முழுக் குருதிக் கணிப்பு பெரும்பாலும் காட்டிவிடும். பின்னர் உறுதிப்படுத்தும் பரிசோதனை வேண்டும்.

மாமன் மகள் மணமுறை, சித்தப்பா மகள் தங்கை என்பது நம்மிடையே உள்ள வழக்கு. பரம்பரை அலகுகளுக்கு அந்த வேறுபாடு இல்லை. பாட்டன் பாட்டி பொதுவாக உள்ள எந்த இருவரும் சராசரியாகத் தம் பரம்பரை அலகுகளில் எட்டில் ஒன்றைப் பொதுவாகக் கொண்டிருப்பர். இதைச் சொல்லும்போது நான் கவனமாக இருப்பேன். வகுப்பிலுள்ள பிள்ளைகள் சிலரின் பெற்றோரே மச்சானும் மச்சாளுமாக இருப்பார்கள். பொதுவாக எந்தத் தம்பதிக்கும் பாரதூரமான பிறவிக் குறைபாட்டுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூறில் இரண்டு, மூன்று என்ற அளவில் இருக்கிறது. மச்சான் மச்சாள் திருமணத்தில் அதற்கு மேல் இன்னும் இரண்டு, மூன்று கூடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். 1/24 என்பது இந்தக் குடும்பத்துக்கு உரிய எண். இங்கே நோயுற்ற மூவர் கண்முன் இருக்கிறார்கள். குடும்பத்தில் எவருக்கும் அந்த நோய் தெரிந்திராத மச்சான் மச்சாளுக்கு இந்த எண்ணை எடுத்து ஒட்டக் கூடாது.

அவள் மீண்டும் எழுதிய விடை

அவளுடைய இரண்டாவது விடையில் முதல் வரி, "இரண்டாவது படத்தின்படி III-2 நிழலிடப்பட்டவள்" என்று இருந்தது. பரீட்சையில் அது தேவையில்லை, வினாத்தாளில் அச்சிட்ட படம் தெளிவாகவே இருக்கும். ஆனாலும் அதை வெட்டச் சொல்லவில்லை. தான் எந்தச் சான்றின் மேல் நிற்கிறாள் என்பதை அவள் எழுதிவைத்திருந்தாள். பின்னர் வந்த வரிகள்: நோயற்ற பெற்றோருக்கு நோயுற்ற பிள்ளைகள், எனவே பின்னிடைவானது, நோயற்ற II-1 க்கு நோயுற்ற மகள் III-2, எனவே X இணைந்தது அல்ல, II-1, II-2 இருவரும் Aa, III-4 காவியாக இருப்பது 2/3, III-5 காவியாக இருப்பது 1/4, விடை 1/24. எடுகோளையும் தனியாக எழுதியிருந்தாள்: I-1, I-2 ஆகியோரில் ஒருவர் மட்டும் காவி, II-4 காவி அல்லர்.

எடுகோளை எழுதியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. I-1, I-2 இருவருமே காவிகளாக இருந்தால் II-3 க்கு aa பெட்டி தோன்றிவிடும், மூடவும் வேண்டிவரும், 1/2 என்பது 2/3 ஆகும், விடையும் 1/18 ஆக மாறும். எந்தக் கல்லை அசைத்தால் எந்தச் சுவர் அசையும் என்று தெரிந்துதான் அவள் அந்த வரியை எழுதினாளா என்று பார்க்க, கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். III-4 க்கும் III-5 க்கும் முதற்குழந்தை நோயுடன் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குழந்தைக்கு நிகழ்தகவு என்ன? இன்னும் 1/24 தானா?

மாலையில் குரல்பதிவு வந்தது. பின்னால் மழைச் சத்தம்.

"நான்கில் ஒன்று, டீச்சர். குழந்தை aa என்றால் இரண்டு பேரும் Aa என்று உறுதி. மூன்றில் இரண்டும் நான்கில் ஒன்றும் ஒன்றாகிவிடும். II-4 ஐக் காவி அல்லர் என்று எடுத்திருக்கிறோம், அதனால் II-3 உம் கட்டாயம் காவி. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் II-3 ஆ, II-4 ஆ என்று சொல்ல முடியாது."